பாவாத்தா அத்தையின் இலைக் கணக்கு

என் அக்கா சுகந்தியின் மாமியார் பாவாத்தாளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. அவருக்கு நான் செய்த காரியம் அப்படி. ஆனால் அதை எழுதாமல் அவரைப் பற்றி எழுத முடியாது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோயமுத்தூர் கணபதியில் மாவு வேண்டும் என்றால் பாவாத்தா வீடுதான். முப்பத்தொரு வயதில் கணவரை இழந்தவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் பதினேழு நாள் தனியார் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அன்னூர்ப் பக்கம் இருந்த ஒன்றரை ஏக்கரும் அவரோடு போய்விட்டது. அத்தை ஏழு வயதுப் பையன் லோகநாதனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பழைய கிரைண்டர் ஒன்றை வாங்கி, தெருவுக்கு மாவு ஆட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். இப்போது ஐந்து கிரைண்டர். விடிவதற்குள் பதினொரு மெஸ்ஸுக்கும் முப்பது கடைக்கும் மாவு போயாக வேண்டும். ஐம்பத்தாறு வயதிலும் அரிசி மூட்டையை இடுப்பால் தள்ளிக் கொண்டுபோய்ச் சுவரோரம் சாய்ப்பார். யாராவது கை கொடுக்கப் போனால் திட்டு விழும்.

எட்டாவது வரை படித்தவர். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிமேல் வைத்து, கடைசி எழுத்துவரை பார்ப்பார். ஆங்கிலமாக இருந்தால் எண்களை மட்டுமாவது பார்ப்பார். ஒருமுறை உளுந்து வியாபாரி மூட்டைக்கு அரைக் கிலோ குறைத்ததை எடை போடாமலே கண்டுபிடித்தவர். நாலுக்கு ஒன்று, மழைக்காலத்தில் நாலரைக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் சேரும் விகிதத்திலேயே அவர் பொழுது போகும். விகிதம் தப்பினால் இட்லி கல்லாகிவிடும் என்பார்.

கணவர் போன மூன்றாம் வருடமே தன் பேரில் ஒரு இன்சூரன்ஸ் எடுத்தார். பிறகு அதை மூன்று லட்சமாக்கினார். ஒரு வருடம்கூடத் தவணை தப்பியதில்லை. "நெலத்தை ஆஸ்பத்திரி திங்க உட்டாச்சு, மாவையும் திங்க உட முடியுங்களா?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

என் பெயர் சிவராசு. சத்தி ரோட்டில் நூற்றிருபது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். நோயாளியின் அட்டையை வாங்கி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன் அனுமதி கேட்டு அனுப்பி, வீட்டுக்குப் போகும் நாளில் அவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள், மிச்சம் எவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்று சொல்வது என் வேலை. மிச்சத்தைச் சொல்லும்போது ஜனங்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, பஸ்ஸில் பர்சை அடித்தவனைப் பார்ப்பதுபோல இருக்கும். பழகிவிட்டது.

சுகந்தி கல்யாணத்தின்போது எங்கள் வீட்டு நிலைமை மோசம். அப்பாவுக்கு மில்லில் வேலை போன சமயம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு உடன்பிறந்தவன் செய்யவேண்டிய சீர் என்று பெரிய பட்டியலே உண்டு. நான் செய்தது ஒரு பித்தளைக் குடமும் ஒரு பட்டு வேட்டியும். அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டு ஒறம்பரைச் சொந்தங்கள் சும்மா இருக்குமா? "பொண்ணோட தம்பி ஆஸ்பத்திரியில என்னமோ கம்பியூட்டர்ல தட்டறானாம், குடத்தையும் தட்டித்தான் வாங்கியிருப்பான்" என்று பந்தியில் ஒரு பெரியம்மா சொல்லிச் சிரித்தது ஐந்து வருடமாக என் காதில் இருந்தது.

போன வருடம் ஆவணியில் அத்தைக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. இரண்டு மாதம் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். பித்தப்பையில் கல். வயிற்றில் சின்னத் துளை போட்டு எடுத்துவிடலாம், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார்.

அத்தை நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். கூட மச்சான் லோகநாதன்.

"கண்ணு, எவ்வளவு ஆகும், எவ்வளவு அவங்க குடுப்பாங்க? ஒடச்சுச் சொல்லு" என்றார்.

"பயப்படாதீங்க அத்தை. இது பேக்கேஜ். உங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எங்க ஆஸ்பத்திரிக்கும் இந்த ஆபரேசனுக்கு இவ்வளவுன்னு ஒப்பந்தம் இருக்குதுங்க. அறுபத்திரெண்டாயிரம். ரூம், டாக்டரு, தேட்டரு, மருந்து, ஊசி, கையுறை எல்லாம் அதுக்குள்ள. அதை அவங்க அப்படியே குடுத்துருவாங்க."

"பேக்கேஜ் இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதணும். எழுதினதை அவங்க ஒவ்வொரு வரியாப் பாத்து, இது தருவோம், இது தர மாட்டோம்னு கோடு போடுவாங்க."

அத்தை கொஞ்சம் யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஓ, மெஸ்ஸு மாதிரி. இலைக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டா, சோறு ரெண்டாவது வாங்குனாலும் ரசம் மூணாவது வாங்குனாலும் அதே காசு. ஐட்டமா வாங்குனா அப்பளத்துக்கும் காசு. அப்ப எனக்கு இலைக் கணக்கா, ஐட்டக் கணக்கா?"

"இலைக் கணக்குங்க அத்தை."

"அப்பச் சரி" என்று எழுந்தார். பத்து வருடமாக இதை ஜனங்களுக்குப் புரியவைக்க நான் பட்ட பாட்டை அவர் ஒரு அப்பளத்தில் முடித்துவிட்டார்.

அவருடைய பாலிசியில் ஒரு சங்கதி உண்டு. ஒரு நாள் அறை வாடகை, மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. மூன்று லட்சம் என்றால் மூவாயிரம். எங்கள் ஆஸ்பத்திரியில் இருவர் அறை மூவாயிரம். பேக்கேஜும் அந்த அறைக்குத்தான். எல்லாம் கச்சிதம். அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

எனக்கு அந்தப் பெரியம்மா ஞாபகத்துக்கு வந்தாள். அத்தையைப் பார்க்க ஒறம்பரை எல்லாம் வரும். இருவர் அறையில், நடுவில் பச்சைத் துணி தொங்க, அந்தப் பக்கம் யாரோ இருமிக்கொண்டிருக்க, "சிவராசு இங்கதான் வேலை செய்யறானாமா?" என்று கேட்பார்கள். ஐந்தாவது மாடியில் டீலக்ஸ் அறைகள் இருக்கின்றன. சோபா, டிவி, சின்ன ஃப்ரிட்ஜ், ஜன்னலைத் திறந்தால் மருதமலை. நாளுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு.

நிர்வாக அதிகாரி ஜெகநாதனிடம் போய் நின்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சார், அக்கா மாமியாருங்க. ஐநூத்தி நாலு காலியாத்தான் இருக்கு…" என்றேன்.

அவர் கணினியைப் பார்த்தார். "பேக்கேஜ் கேஸ்தான? ரூம் வாடகைன்னு தனியா பில்லுல வரப்போறதில்ல. மூணு நாளுதான? வித்தியாசத்தை வாங்க வேண்டாம்னு நான் சொல்லிடறேன். போட்டுக்க. கேஸ் மாறுச்சுன்னா மட்டும் பாத்துக்க."

கேஸ் மாறினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மேசைக்கு வருகிறவர்களிடம் தினமும் நான்கு தடவை நான் சொல்லும் எச்சரிக்கை அது. ஆனால் பித்தப்பைக் கல்லில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கேஸ் மாறாது. அந்தத் தொண்ணூற்றைந்தை நம்பி, அத்தையிடம் கேட்காமலே அறையைப் போட்டேன்.

லிஃப்டிலிருந்து இறங்கி 504-ஐத் திறந்ததும் அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். "இது யாரோட ரூமு?"

"உங்களுதுதானுங்க."

"எனக்கெதுக்குக் கண்ணு இது? மூணு நாளைக்குச் சாதா ரூமே போதுமே. இதுக்கு எச்சாக் காசு ஆகாதா?"

"ஒரு பைசா ஆகாது. இலைக் கணக்குல ரூம் எதுவானாலும் அதே காசு. நம்மளால முடிஞ்ச சீருன்னு வெச்சுக்கோங்க."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். என் கன்னத்தைத் தொட்டார். சுகந்தி பின்னால் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைக்காததுபோல ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு நடந்தே போனேன். அவ்வளவு பெருமை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபரேசன். பத்தரைக்கு முடியவேண்டியது, ஒரு மணிவரை முடியவில்லை. இரண்டு மாதக் கஷாயத்தில் பித்தப்பை அழன்று, குடலோடும் ஈரலோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. துளை வழியாக எடுக்க முடியாமல் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பித்தநீர் கசிந்தது. குழாய் வைத்திருக்கிறார்கள், கசிவு நிற்க எட்டு நாளாவது ஆகும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றதும் மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு ஜெகநாதன் சார் கூப்பிட்டார். "இது இனிமே பேக்கேஜுல அடங்காது. அறுபத்திரெண்டாயிரத்துல செஞ்சா நமக்குக் கையைக் கடிக்கும். டாக்டர் குறிப்பை வெச்சு லெட்டர் போடு, ஐட்டமா பில் போட அனுமதி கேளு."

அது நியாயமான கோரிக்கை. ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் உண்டு. நான் லெட்டர் எழுதுவதில் கெட்டிக்காரன். ஒட்டிக்கொண்டிருந்தது, திறந்த அறுவை, கசிவு, நீளும் நாட்கள் என்று வரிசையாக, மறுக்க முடியாதபடி எழுதினேன். கடைசியில் படிவத்தில் ஒரு கட்டம். அறை வகை. அங்கே வந்ததும் என் விரல் நின்றது.

பேக்கேஜ் இருக்கும்வரை அந்த அறை ஒரு மரியாதை. பேக்கேஜ் போனால் அது கத்தி. மூவாயிரத்துக்கு உரிமை உள்ளவர் ஏழாயிரத்து ஐந்நூறு அறையில் இருந்தால், வாடகை வித்தியாசத்தோடு விடமாட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் அறை உயர உயர டாக்டர் கட்டணம், தேட்டர் கட்டணம், நர்ஸ் கட்டணம் எல்லாம் உயரும். எனவே அவை ஒவ்வொன்றையும் மூவாயிரத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு என்ற அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஐந்து ரூபாய் பில்லுக்கு இரண்டு ரூபாய்தான் வரும். மருந்தும் பரிசோதனையும் மட்டும் இந்த வெட்டுக்குத் தப்பும்.

ஜெகநாதன் சாரிடம் ஓடினேன். "சார், ரூமை இருவர் அறைன்னு போட்டுக்கலாமுங்களா?"

"ஐநூத்தி நாலுன்னு கேஸ் ஷீட் முழுக்க இருக்குது. காலையில இன்சூரன்ஸ் ஆளு வந்து பேசண்டைப் பாத்துட்டுப் போயிருக்கான். பொய் எழுதிட்டு நாம ரெண்டு பேரும் எங்க போறது? பேக்கேஜுன்னாதான நான் வித்தியாசத்தை விட்டேன்? இப்ப இல்ல. வேணும்னா இப்பவே கீழ மாத்து. நாலாவது மாடியில நானூத்திப் பன்னெண்டுல ஒரு கட்டில் காலி. நாளையிலிருந்து எல்லாமே சாதா ரேட்டுல வரும். ஆபரேசன் செலவுல வெட்டு விழும், மத்தது தப்பிக்கும்."

அதுதான் வழி. பாதி நஷ்டம் அங்கேயே நின்றிருக்கும். லிஃப்ட் ஏறி ஐந்தாவது மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே ஒறம்பரை. சோபாவில் அந்தப் பெரியம்மா. கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மோர்.

"வா சாமி வா! பாவாத்தா சொன்னா, நீதான் புடிச்சுக் குடுத்தியாமா? எங்க பசங்க நாலு பேரு வெளிநாட்டுல இருக்கானுக, ஒருத்தனாச்சும் இப்பிடி ஒரு ரூமு புடிச்சுக் குடுப்பானா? அன்னிக்குக் குடம்னு சிரிச்சேன், மனசுல வெச்சுக்காத."

இந்த வார்த்தைக்காகத்தான் ஐந்து வருடம் காத்திருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டு, "பெரியம்மா, அந்த மோரை வெச்சிட்டு எந்திரிங்க, நாம நாலாவது மாடிக்குப் போறோம்" என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கவேண்டும். ஒரு நிமிட அவமானம்தான். நான் அத்தையின் கட்டில் அருகே போனேன். மயக்கம் தெளிந்து முகம் வெளுத்துக் கிடந்தார். உதடு உலர்ந்திருந்தது.

"கண்ணு" என்றார் மெதுவாக. "வயித்தைத் தொறந்துட்டாங்களாமா. எட்டு நாளாமா. இன்னும் இலைக் கணக்குதான?"

"ஆமாங்க அத்தை" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து கேன்டீனில் டீ வாங்கிக் குடித்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அத்தையின் தங்கை குடும்பம் வந்திருந்தது. அதற்கு மறுநாள் 412-இல் இருந்த கட்டிலும் போய்விட்டது. அதற்கடுத்த நாள் வேறொரு கட்டில் காலியானது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். இனிமேல் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே. இப்படியே ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் காலையில் இறுதி அனுமதி வந்தது. பில் இரண்டரை லட்சம். அறை அறுபத்தேழாயிரத்து ஐந்நூறில் இருபத்தேழாயிரம் கொடுத்தார்கள். டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தேட்டர், நர்ஸ் எல்லாம் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதில் நாற்பத்துநாலாயிரம். மருந்து, பரிசோதனை எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூறில் கையுறை, பஞ்சு, முகமூடி என்று ஆறாயிரத்து ஐந்நூறைக் கழித்து அறுபத்தாறாயிரம். பேக்கேஜில் இருந்திருந்தால் அந்தப் பஞ்சைக்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரம். அத்தை கட்டவேண்டியது ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம். இதே ஒன்பது நாள், இதே ஆபரேசன், இருவர் அறையில் நடந்திருந்தால் அவர் கையிலிருந்து போவது அந்தக் கையுறைக் காசு ஆறாயிரத்து ஐந்நூறு மட்டும்தான். இதை நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

மச்சானிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே இது? ஒரு பைசா ஆகாதுன்னியே?" என்றார்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. "இன்சூரன்ஸ்காரங்க வெட்டிட்டாங்க மச்சான். அவனுக எப்பவுமே இப்பிடித்தான். நான் எவ்வளவோ சண்டை போட்டேன்" என்றேன்.

என் வாயிலிருந்து இவ்வளவு சுலபமாக அது வந்தது எனக்கே ஆச்சரியம். மச்சான் இன்சூரன்ஸ் கம்பெனியை அதன் ஏழு தலைமுறையையும் சேர்த்துத் திட்டினார். சுகந்தி, "பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்று எனக்காகப் பேசினாள். அத்தை சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அதை இங்க குடு" என்று கை நீட்டினார். கண்ணாடியை மாட்டினார்.

முதல் பக்கம். இரண்டாம் பக்கம். விரல் வரிவரியாக இறங்கியது. அறை என்ற வரியில் கொஞ்சம் நின்றது. மீண்டும் மேலே போனது. அனுமதிக் கடிதத்தைக் கேட்டார், கொடுத்தேன். அதிலும் விரல் ஓடியது. உதடு அசைந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மருதமலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம், அவருக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது.

காகிதங்களை மடித்து மச்சானிடம் கொடுத்தார். "சரி, கட்டிரு லோகு. கூல் ரூமுக்கு வெச்சிருக்கறதுல எடுத்துக்க."

"அம்மா, அது அட்வான்ஸ் குடுக்க வேண்டிய காசு."

"அடுத்த வருசம் குடுக்கலாம். மாவு எங்க ஓடிப்போகுது?"

கூல் ரூம் என்பது அத்தையின் மூன்று வருடக் கனவு. சித்திரை வெயிலில் மாவு ஆறு மணி நேரத்தில் புளித்துவிடும். மெஸ்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். பின்கட்டில் சின்னதாக ஒரு குளிர் அறை கட்டிவிட்டால் பாதி ராத்திரியில் எழுந்து ஆட்டவேண்டியதில்லை, முந்தின சாயங்காலமே ஆட்டி வைத்ததை லோகு கொண்டுபோய்ப் போட்டுவிடுவான், ஆறரை மணி வரைக்கும் தூங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆறரை மணித் தூக்கம் என்பது அவர் வாயில் ஏதோ காசி யாத்திரை போல ஒலிக்கும்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தையில் அவர்கள் பக்கத்து ஒரு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டேன். அத்தை மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். சுற்றி இருந்தவர்களிடம், "இதுதான் எங்க சுகந்தி தம்பி. நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ராசாத்தி மாதிரி ரூமுல வெச்சிருந்தான். இந்தச் சீரை எவன் செய்வான்?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கமான பையன் என்று ஒருவர் பாராட்டினார்.

சித்திரையில் சுகந்தி கூப்பிட்டாள் என்று ஒருநாள் மதியம் போனேன். பின்கட்டில் அத்தை, பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, மாவுப் பாத்திரங்களை அதில் இறக்கிக்கொண்டிருந்தார். ஐஸ் கட்டியைக் கோணி போட்டுச் சுத்தியால் உடைக்கிற சத்தம். குனியும்போது ஒரு கை தானாக வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டது.

"அத்தை" என்றேன். "அன்னிக்கு அந்த ரூமு விசயமா…"

"ஏன் கண்ணு, மறுபடியும் ரூமு போடறியா எனக்கு? ஒரு பித்தப்பைதான் இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு" என்று சிரித்தார். "அந்தக் கோணியை இக்கட்டத் தள்ளு. நின்னு பாக்காத."

தள்ளினேன். ஐஸ் உடைத்தேன். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, மோர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, இனிச் சொல்லி அவர் மனதை ஏன் கெடுக்கவேண்டும் என்று எனக்கு நானே நல்லவனாகிக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, என் மேசை முன்னால் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் தவிடு. அரிசி மண்டியில் மூட்டை இறக்குகிறவர், பெயர் குமரேசன். குடலிறக்கம், ஆபரேசன் செய்யவேண்டும். மண்டி முதலாளி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ், இரண்டு லட்சம்.

"பாவாத்தாக்கா அனுப்புனாங்க. சிவராசுன்னு கேளு, நம்ம பையன், எல்லாம் பாத்துக்குவான்னாங்க."

அட்டையை வாங்கிக்கொண்டு வழக்கம்போல ஆரம்பித்தேன். "இது பேக்கேஜுங்க. எல்லாம் அதுக்குள்ளயே வந்துரும். ரூமு…"

"அதைத்தான் முந்திச் சொல்லச் சொன்னாங்க" என்று அவர் இடைமறித்தார். விரலை மடக்கி, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர்போலச் சொன்னார். "சாதா ரூமே போதும்னு நீ மொதல்லயே சொல்லிப்போடு. இல்லாட்டி அவன் பாசத்துல நல்ல ரூமாப் போட்டுக் குடுத்துருவான். இலைக் கணக்கு எந்நேரம் வேணாலும் ஐட்டக் கணக்காயிரும், அப்ப அஞ்சுக்கு ரெண்டுதான் வரும். இப்பிடிச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்குலீங்க. அவனுக்கு வெளங்கும்னாங்க."

அஞ்சுக்கு ரெண்டு. நான் எந்த மனிதரிடமும் வாய்விட்டுச் சொல்லாத விகிதம்.

"இதை எப்பங்க சொன்னாங்க? இப்பவா?" என்று கேட்டேன்.

"இப்ப எங்கீங்க? போன வருசமே. அக்கா ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாள் பாக்கப் போயிருந்தேன், கட்டுப் போட்டுப் படுத்திருந்தாங்க. என்ற வயித்தைப் பாத்துட்டு, நீயும் சீக்கிரம் போய்க் காட்டுன்னு அப்பவே சொல்லி உட்டாங்க. நாந்தான் தள்ளிப் போட்டுட்டேன்." பிறகு ஏதோ நினைவு வந்தவராய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொன்னாங்க. இதையெல்லாம் நான் சொன்னேன்னு அவன்கிட்டச் சொல்லாத, மனசு நோவும், நீயாக் கேக்கற மாதிரி கேளுன்னாங்க. நான் ஒரு கூறுகெட்டவன், எல்லாத்தையும் சொல்லிட்டேன் பாருங்க."

கல்யாணத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கை. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவருக்கு எல்லாம் தெரியும்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்றார் குமரேசன்.

படிவத்தை இழுத்து, அறை வகை என்ற கட்டத்தில் பொது வார்டு என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.